ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு, துலாம்

குழந்தைகளே, உங்களுக்கு அத்தை முறையாகும் ஒருத்தியைப் பற்றி எழுதுகிறேன். என் பெரியப்பாவின் மகள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பெயர் போட மாட்டேன். போட்டால், "எதுக்குடா என்னையக் கேக்காம எழுதின?" என்று ஒரு கல்யாண வீட்டில், எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்பாள். அவள் எதையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

அவள் சுபாவம் அதுதான். மனதில் ஒன்று பட்டால் உடனே வாயில் வந்துவிடும். அதுவும் நாலு பேர் முன்னால்தான் வரும். சரியா தப்பா என்று பார்ப்பதெல்லாம் பிறகு. ஆனால் பார்ப்பாள். பார்த்துத் தப்பு என்று தெரிந்துவிட்டால், அதே நாலு பேரை மறுபடி தேடிப் பிடித்து நிறுத்தி, "நான் சொன்னது தப்புங்க" என்று சொன்னால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். கூட இருக்கிறவர்களுக்குத்தான் இறங்காது.

ஒருமுறை பொதுக்கிணற்றில் எங்கள் வாளிக் கயிறு அரை ஆள் நீளம் குறைந்திருந்தது. தண்ணீர் எடுக்க வந்த பெண்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, "ஆடு கட்ட அளவாக் கயிறு வேணும்னா எங்களையக் கேட்டிருக்கலாமில்லீங்கொ" என்று பக்கத்து வீட்டு அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். அந்த அம்மா குடத்தை அப்படியே வைத்துவிட்டு அழுதுகொண்டு போனார். சாயங்காலம் பார்த்தால், பெரியப்பாதான் அந்தத் துண்டை அறுத்துப் பீர்க்கங்கொடிக்குப் பந்தல் கட்டியிருந்தார்.

மறுநாள் விடியும்போதே இவள் கிணற்றடிக்குப் போய் நின்றுகொண்டாள். நேற்றுக் கேட்ட பெண்கள் வந்து சேர்கிறவரை ஒரு வாளிகூட இறைக்கவில்லை. வந்ததும் சொன்னாள். அதில் ஒருத்தி மட்டும் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயிருந்தாள். அந்தப் பெண் கேரள எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை இவள் காத்திருந்து, தலைச்சுமையோடு நின்றவளிடம், "நேத்துக் கயித்தப் பத்திச் சொன்னேனில்லீங்க, அது எங்கப்பன் அறுத்ததுங்க" என்றாளாம். சுமையோடு நின்றவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. செக்போஸ்டில் நின்ற லாரிக்காரர்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது. பெரியம்மா அன்றைக்கு அவளை விளக்குமாற்றால் அடித்தார்.

அடி வாங்கிக்கொண்டே, "கூட்டத்துல சொன்னத ஊட்டுக்குள்ள வெச்சுத் திருப்பி எடுத்தா எடுத்த மாதிரி ஆகுமாம்மா?" என்று கேட்டாள். அதற்கும் ஒரு அடி விழுந்தது.

பிற்பாடு அவளைப் பெண் பார்க்க வந்தபோது நடந்தது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எங்களுக்கு அன்றைக்கு அழுகை வந்தது. பையன் வயதுக்குப் பொருந்த வேண்டும் என்று பெரியப்பா அவள் வயதில் ஒன்றைக் குறைத்துச் சொல்லியிருந்தார். காப்பித் தட்டோடு வந்தவள், பையனின் மாமா வயதைச் சொல்லித் தலையாட்டுவதைக் கேட்டாள். தட்டை வைத்தாள்.

"மாமா, ஒரு வருசம் கொறச்சுச் சொல்லிப்போட்டாங்க. நான் அதுக்கு முந்துன மாசியிலயே பொறந்துட்டனுங்க."

அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. எங்கள் இரண்டு வீட்டிலும் பல நாள் தலை நிமிர முடியவில்லை. அவளும் சந்தோஷமாக இல்லை. காட்டுப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாள். கூப்பிட்டால், "வருசத்த மாத்திச் சொன்னா எனக்குக் காதுக்குள்ள என்னமோ ஓடுதுடா" என்பாள். வருஷம் என்றால் அவளுக்கு அத்தனை பயம் வந்ததற்குக் காரணம் நான்தான் என்று எனக்கு எப்போதும் தோன்றும். நான் இல்லாவிட்டால், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கிளப்பிய ஒரு சண்டை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

1973 கடைசி. கிறிஸ்துமஸ் லீவு. கேரளத்துக்குள் இருக்கும் எங்கள் ஊர் வாயனசாலையில் ஆண்டு விழா. வாயனசாலை என்றால் படிப்பகம். மலையாளத்தில் அப்படிச் சொல்வார்கள், நாங்களும் அப்படியே சொல்வோம். தமிழ்ப் புத்தகம் ஒரு அலமாரி, மலையாளப் புத்தகம் இரண்டு அலமாரி. அந்த வருஷம் சரித்திர வினாடி வினா வைத்தார்கள். ஜெயிக்கிற ஒருவரைப் பாலக்காட்டில் நடக்கும் ஜில்லாப் போட்டிக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் யாரும் அதுவரை அப்படிப் போனதில்லை.

கேள்வி கேட்டவர் எங்கள் மாஷ். வாத்தியாரை அங்கே மாஷ் என்பார்கள். பாலக்காட்டுக்காரர், நல்ல மனிதர். எங்கள் வீட்டிலிருந்துதான் அவர் வீட்டுக்குப் பால் போகும். காலையில் கொண்டுபோய் ஊற்றுவது என் வேலை.

ஒவ்வொருவராகக் கழிந்து கடைசியில் நானும் அவளும் மட்டும் நின்றோம். சமமான மார்க். இருவருக்கும் ஆளுக்கொரு சிலேட்டுக் கொடுத்தார்கள். கடைசிக் கேள்வி: "திருவிதாங்கூரில் எல்லா ஜாதிக்காரர்களும் கோயிலுக்குள் போகலாம் என்று மகாராஜா விளம்பரம் செய்தது எந்த வருஷம்?" விளம்பரம் என்றால் அரசாணை. இங்கிலீஷ் வருஷமாக எழுதச் சொன்னார்.

இருவரும் எழுதி ஒரே நேரத்தில் தூக்கிப் பிடித்தோம். அவள் சிலேட்டில் 1936. என் சிலேட்டில் 1937.

மாஷ் தன் விடைச் சீட்டைப் பார்த்தார். "ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி முப்பத்தேழு" என்று வாசித்து என் பக்கம் கையைக் காட்டினார். கை தட்டினார்கள். என் அப்பா கடைசி வரிசையில் எழுந்து நின்றுவிட்டார். அவர் அப்படி எழுந்து நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கைதட்டல் ஓய்வதற்கு முன்பே இவள் குரல் கேட்டது.

"அதெப்படீங்க மாஷே? எங்க புஸ்தகத்துல முப்பத்தாறுன்னு போட்டிருக்குது. உங்க சீட்டுல தப்பா இருக்குது, சரி. அதே தப்பு இவனுக்கு எப்படி வந்துச்சு? ரெண்டு பேருக்கு ஒரே தப்பு தனித்தனியா வருமாங்க?" பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "தெனமும் மாஷ் ஊட்டுக்குப் பாலு ஊத்தப் போறானில்லீங்க. பாலு ஊத்துனானோ, சீட்டப் பாத்தானோ."

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். அப்பா உட்கார்ந்துவிட்டார்.

நான் சீட்டைப் பார்க்கவில்லை. ஆனால் அதை எப்படிச் சொல்வது? "பாக்கல" என்று மட்டும்தான் வாயில் வந்தது. அதுவும் அழுகையோடு வந்ததால் பார்த்தவன் சொல்கிற மாதிரியே இருந்தது. மாஷ் முகம் சிவந்துபோயிற்று. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடி யாரை அனுப்புவது என்று முடிவு செய்யும் என்றார் செயலாளர்.

மறுநாள் பால் கொண்டுபோனேன். மாஷின் மனைவி வாசலுக்கே வந்து, "வேண்டா மோனே, ஆளுகள் ஓரோன்னு பறயுன்னு. கொறச்சு நாள் கழிஞ்சு மதி" என்றார். வேண்டாம் மகனே, ஆட்கள் ஏதேதோ பேசுகிறார்கள், கொஞ்ச நாள் போகட்டும் என்று அர்த்தம். மெதுவாகத்தான் சொன்னார். நான் தூக்குப்பாலைத் திருப்பிக் கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்தேன். அப்பா கேட்டார்.

"நெசமாச் சொல்லு. பாத்தியா?"

"இல்லீங்கப்பா."

"அப்பறம் எப்படிரா அவரு சீட்டும் உன்ற சிலேட்டும் ஒண்ணாச்சு?"

என் விடை சரி என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சரியான விடை இரண்டு பேருக்கு வராதா? ஆனால் அப்பா கேட்ட விதத்தில், வரக்கூடாது என்பது போலத்தான் இருந்தது. அந்த வாரம் முழுக்க நான் கடைக்குப் போகவில்லை. போனால் யாராவது, "பாலு தண்ணியாத்தான் இருக்குது, சீட்டு கெட்டியா இருக்குதோ?" என்பார்கள்.

எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரே களத்தின் இரண்டு பக்கம். ஒருநாள் மத்தியானம் அவள் களத்தைத் தாண்டி வந்தாள். கையில் ஒன்பதாம் வகுப்புச் சமூகப் பாடப் புத்தகம். விரித்து என் முன்னால் போட்டாள்.

"இதப் பாரு. 1936. நீ எதுல பாத்த?"

"உன்றகூடப் பேச்சில்ல போ."

"பேச வேண்டாம். எதுல பாத்தன்னு மட்டும் சொல்லு. நான் காட்டீட்டேன். நீ காட்டு."

எனக்கு ஆத்திரம் வந்தது. "உன்ற புஸ்தகம் போன வருசம் அச்சடிச்சது. எவனோ எழுதுனதப் பாத்து எவனோ எழுதுனது. நான் பாத்தது மகாராஜா விளம்பரமே அப்படியே போட்டிருக்கிற மலர். வாயனசாலைல மலையாள அலமாரில, அட்டையில்லாமக் கெடக்குமே, அது. போய்ப் பாரு. எது பெருசு? ராஜா சொன்னதா, உன்ற புஸ்தகமா?"

அவள் சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. தன் புத்தகத்தை மூடினாள்.

"அது பெருசுதான்" என்றாள். "அதுல முப்பத்தேழுன்னு போட்டிருக்குதா?"

"போட்டிருக்குது."

இப்படிச் சொன்னதில்தான் என் தப்பு ஒளிந்திருந்தது. எனக்கு அப்போது தெரியவில்லை. பொய் சொல்கிறோம் என்றும் நினைக்கவில்லை. அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரே வாயனசாலைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது என்னைப் பார்க்காமல் களத்தைத் தாண்டினாள். முகம் வெளுத்திருந்தது. அவள் வீட்டுச் சுவரில் தொங்கிய தினக்காலண்டர் முன்னால் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தது இங்கிருந்தே தெரிந்தது. அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை என்று பெரியம்மா அம்மாவிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. வினாடி வினாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் வந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்கத்தான். அப்பா என்னை இழுத்துக்கொண்டு போனார். மாஷும் வந்திருந்தார். எங்களைப் பார்க்கவில்லை.

அவள் எழுந்தாள். கக்கத்தில் பாடப் புத்தகம், அட்டையில்லாத அந்த மலர், இரண்டு தினக்காலண்டர்கள். ஒன்று கிழித்துக் கிழித்து மெலிந்துபோன பழையது. இன்னொன்று அரிசி மில்லில் கொடுத்த புதுசு.

"பேசறதுக்கு முன்னால ரெண்டு சிலேட்டு வேணுங்க" என்றாள். ஒன்றை என்னிடம் கொடுத்தாள். இன்னொன்றை மாஷிடம் நீட்டினாள். மாஷ் தயங்கினார்.

"ஒரே ஒரு கணக்குங்க மாஷே. நீங்க அந்த மூலைக்குப் போயிருங்க. டேய், நீ இந்த மூலைக்குப் போ. ஒருத்தரு எழுதறத ஒருத்தரு பாக்கக் கூடாது. கொல்லம் வருசம் ஆயிரத்தி நூத்தி முப்பத்திரண்டு, துலாம் மாசம். இங்கிலீசுல எந்த வருசம்?"

எனக்கு இது தண்ணீர் குடிக்கிற மாதிரி. கொல்லம் என்பது மலையாள வருஷக் கணக்கு, துலாம் நம் ஐப்பசி. கொல்லம் வருஷத்தோடு எண்ணூற்று இருபத்தைந்தைக் கூட்டினால் இங்கிலீஷ் வருஷம். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். "தொண்ணூற்றி ஒன்பது வெள்ளம்" என்று பெரியவர்கள் எந்நேரமும் பேசுவார்கள். கொல்லம் 1099இல் வந்த பெருவெள்ளம். இங்கிலீஷில் 1924. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். நான் அதைக் கேட்டுத்தான் கணக்கைப் பழகினேன். கூட்டினேன். எழுதினேன்.

"ரெண்டு பேரும் கூட்டத்துக்குக் காட்டுங்க."

என் சிலேட்டில் 1957. எதிர் மூலையில் மாஷின் சிலேட்டிலும் 1957.

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். "அந்தத் துலாத்துலதானுங்க கேரளா மாநிலம் பொறந்துச்சு. அது எந்த வருசம்னு சொல்லுங்க."

"அம்பத்தாறு!" என்று பத்துப் பன்னிரண்டு குரல்கள் சேர்ந்து கத்தின. சின்னப் பிள்ளைகள்கூடக் கத்தினார்கள். நவம்பர் ஒன்றாம் தேதி பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்துக் கொடுத்து எல்லாருக்கும் அது பாடம். பிறகு ஒரே சிரிப்பு. கேரளம் பிறந்த வருஷம் தெரியாதவன் சரித்திரப் போட்டியில் ஜெயித்தானாம். நான் சிலேட்டை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். காது இரண்டும் எரிந்தன. அவளை அப்போது அடித்துக் கொல்ல வேண்டும் போல இருந்தது.

சிரிப்பு அடங்கட்டும் என்று அவள் நின்றாள். பிறகு மலரை விரித்தாள்.

"இதுதானுங்க அந்த விளம்பரம். அடியில தேதி கொல்லத்துல மட்டுந்தான் போட்டிருக்குது. ஆயிரத்தி நூத்திப் பன்னண்டு, துலாம் இருபத்தேழு. முப்பத்தேழுன்னு இதுல எங்கயும் இல்லீங்க. இவன் இதப் படிச்சுட்டுத் தானாக் கூட்டியிருக்கிறான். மாஷே, நீங்க எதப் பாத்துச் சீட்டு எழுதுனீங்க?"

மாஷ் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். அதைத் துடைப்பதற்கு அவ்வளவு நேரம் ஆகாது.

"இதே மலர்தான் மோளே" என்றார். "இதே கணக்குத்தான்."

அவள் இரண்டு காலண்டர்களையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பழையதில் டிசம்பர் கடைசித் தாள். புதியதில் ஜனவரி முதல் தாள். "ரெண்டுலயும் என்ன மாசம்? தனு, நம்ம மார்கழி. ரெண்டுலயும் கொல்லம் ஆயிரத்தி நூத்தி நாப்பத்தொம்பது. மேல பாருங்க, இங்கிலீசு மட்டும் எழுவத்திமூணு, எழுவத்திநாலு. கொல்லம் வருசம் சிங்ஙத்துல, அதாவது நம்ம ஆவணில பொறக்குது. இங்கிலீசு வருசம் அதுக்கப்பறம் நடுத் தனுவுல மாறுது. அதனால சிங்ஙத்துல இருந்து டிசம்பர் முடியற வரைக்கும் எண்ணூத்தி இருவத்திநாலுதான் கூட்டணும். ஜனவரில இருந்து கர்க்கடகம் முடியற வரைக்கும் இருவத்தஞ்சு. வெள்ளம் வந்தது கர்க்கடகம், நம்ம ஆடி. அதுக்கு இருவத்தஞ்சு சரி. துலாம்னா இருவத்திநாலு. பன்னண்டோட கூட்டுங்க."

ஒருவர் விரலை மடித்துப் பார்த்து, "முப்பத்தாறு" என்றார்.

செயலாளர் விடவில்லை. "புஸ்தகத்துல அச்சுப்பிழை வராதா? நீ புஸ்தகத்த நம்பித்தானே சண்டை போட்ட?"

"வருமுங்க. அன்னிக்கு நான் அத மட்டும்தான் பாத்தேன். அது நான் பண்ணுன தப்பு. இன்னிக்கு ரெண்டு வழியா வந்து பாத்தேன். இவன் காட்டுன மலரு கொல்லத்துல சொல்லுது. புஸ்தகம் இங்கிலீசுல சொல்லுது. காலண்டர வெச்சுக் கணக்க நேராக்குனா ரெண்டும் ஒரே எடத்துக்கு வருது. மலரு இல்லீன்னா எனக்கு இது தெரிஞ்சே இருக்காது. மலரப் பாத்தவன் இவன்."

எல்லாரும் போகலாம் என்று எழுந்தார்கள். அவள் போகவிடவில்லை.

"இன்னும் நான் சொல்ல வந்ததச் சொல்லலீங்க. தேதி நான் சொன்னது சரி. இவனச் சொன்னது பொய்யி. ரெண்டு பேருக்கு ஒரே தப்பு தனித்தனியா வருமான்னு உங்க முன்னாலதான் கேட்டேன். வந்துருச்சு, நீங்களே பாத்தீங்க. இவன் சீட்டப் பாக்கல. பாக்காமயே பாத்தான்னு சொன்னேன். மாஷயும் சேத்துச் சொன்ன மாதிரி ஆயிப்போச்சு."

அவள் என் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். அங்கே யாரும் யாரையும் பார்க்கவில்லை. அன்று சிரித்தவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பாலக்காட்டுக்கு அவள் பெயரைத்தான் எழுதினார்கள். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. "சரியான வெடை என்னுது. நான்தான் போகோணும்" என்றாள். விட்டுக்கொடுப்பாள் என்று ஒரு மூலையில் நான் எதிர்பார்த்திருந்தேன். அதற்கும் சேர்த்து இப்போது வெட்கப்படுகிறேன்.

திரும்பும்போது வாய்க்கால் வரப்பில் அவள் முன்னால் போனாள். நான் பின்னால்.

"எனக்கு முன்னாலயே சொல்லியிருக்கலாமில்ல? எல்லார்த்து முன்னாலயும் மானத்த வாங்கீட்ட."

அவள் திரும்பவில்லை. "சொல்லியிருந்தா நீ சரியா எழுதியிருப்ப. நீ சரியா எழுதியிருந்தா உன்னைய யாருடா நம்பியிருப்பாங்க?"

களம் வந்ததும் அவள் எங்கள் வீட்டு வாசல்படிக்கு வந்து நின்றாள். "சித்தி" என்றாள். அம்மா அடுப்படியில் இருந்தார். கேட்காத மாதிரி இருந்துவிட்டார். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ரொம்ப நாள் எங்கள் வீட்டில் அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அம்மா கூப்பிட்டும் குடிக்கவில்லை. கூட்டத்தில் சொன்னதைக் கூட்டத்தில் எடுத்துவிட்டாள். அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டுக்குள் நடந்ததை எந்தக் கூட்டத்தில் வைத்து எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

மறுநாள் விடிகாலையில் மாஷே தூக்குப்பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். அப்பா கறந்த பாலை ஊற்றினார். இருவரும் மழையைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

ஆனால் ஊர்ப் பிள்ளைகள் விடவில்லை. அந்தக் கோடை முடிகிறவரை எனக்கு "எண்ணூத்தி இருவத்தஞ்சு" என்றுதான் பெயர். பஸ்ஸுக்கு நின்றால் கூப்பிடுவார்கள். மாட்டை ஓட்டிப் போனால் வரப்பிலிருந்து கூப்பிடுவார்கள். ஒவ்வொரு முறையும் காது எரியும். தலையைக் குனிந்துகொண்டு போவேன். கள்ளன் என்று ஒருத்தன்கூடக் கூப்பிடவில்லை.